சார்ஜ் முடிஞ்ச பிறகும் நிக்கிற கார்: ஐடில் ஃபீ எந்த நிமிசத்தில இருந்து போடலாம்?

கொக்குவில்_விடுதி · காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கட விடுதி வாசலில வேகமா ஏத்துற ஒரு 50 கிலோவாட் டிசி சார்ஜரும், அதுக்குப் பக்கத்தில மெல்லமா ஏத்துற ஒரு 7 கிலோவாட் ஏசி சார்ஜரும் பூட்டப் போறம். டிசியில ரெண்டு விதப் பிளக்கோட ரெண்டு கேபிள் இருக்கு, ஒண்டு சாடெமோ, மற்றது சிசிஎஸ்2. ஆனா ஒரு நேரத்தில ஒரு காருக்குத்தான் ஏத்தலாம் எண்டு விக்கிறவை சொல்லிப்போட்டினம். விடுதியில தங்குற ஆக்கள் மட்டுமில்லை, றோட்டால போறவையும் வந்து ஏத்தலாம்.

மென்பொருளில ஐடில் ஃபீ எண்டு ஒரு பக்கம் இருக்கு. அதில மூண்டு பெட்டி: எத்தினை நிமிசம் விட்டுப் பிடிக்கிறது, நிமிசத்துக்கு எவ்வளவு, ஆகக் கூடினது எவ்வளவு. மூண்டையும் வெறுமையாக விட்டிருக்கிறன். வாற சனத்தோட சண்டை பிடிக்கவும் விருப்பமில்லை, ஒரு கார் பின்னேரம் முழுக்க இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவும் விடேலாது. அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

எண்பது_போதும் · காலை 9:05

லேசான வேலை. 80% வந்தவுடன ஐடில் ஃபீ தொடங்கட்டும். 80க்கு மேல எந்தக் காரும் ஆமை மாதிரித்தான் ஏறும், பற்றரிக்கும் கூடாது. உலகம் முழுக்க அதுதான் சட்டம். ஏசிக்கும் டிசிக்கும் ஒரே கணக்குப் போடுங்கோ, குழப்பமில்லை.

மணியம்_வயரிங் · காலை 9:52

எண்பது தம்பி சொன்னதில பாதி சரி. 80க்குப் பிறகு வேகம் விழுறது உண்மை. ஆனா அது சட்டமில்லை, பற்றரி தானே கேக்கிற அளவு. செல்லின்ர வோல்ற்றேஜ் மேல் எல்லையைத் தொடத் தொட, கார் சார்ஜரிட்ட "கரண்ட்டைக் குறை" எண்டு கேட்டுக்கொண்டே வரும். எந்தச் சதவீதத்தில குறையத் தொடங்கும் எண்டது காருக்குக் கார் வேற.

விடுதிக்காரர் முதல் விளங்க வேண்டிய விசயம் வேற. ஐடில் ஃபீ எண்டது சார்ஜ் *நிண்ட* பிறகு ஓடுற காசு. 80க்கும் 100க்கும் இடையில கார் மெல்லமா ஏத்திக்கொண்டுதான் நிக்கும், அது நிண்டதாக் கணக்கில வராது. ஒரு கணக்குப் பாப்பம்.

40 யூனிற் பற்றரி நிசான் லீஃப் கார் ஒண்டு பின்னேரம் 3 மணிக்கு 20% இல வந்து கொழுவுது எண்டு வையுங்கோ. 80% வர ஏறக்குறைய 22 யூனிற் வேணும். பற்றரி சூடேறாமல் இருந்தால் முக்கால் மணித்தியாலம், அதாவது 3:45. அந்தக் காரை 100 வரைக்கும் விட்டால் இன்னும் 7 யூனிற் சொச்சம்தான் ஏறும், ஆனா அதுக்கு இன்னொரு 40 நிமிசம் போகும். 4:25க்குத்தான் சார்ஜ் நிக்கும். 3:45க்கு அடுத்த லீஃப் 20% ஓட வந்து காத்துக்கொண்டு நிண்டிருந்தால், அதே 40 நிமிசத்தில அது 20 யூனிற் ஏத்தியிருக்கும். முதல் கார்க்காரர் 4:25க்கு ஓடி வந்து எடுத்தால் அவருக்கு ஐடில் ஃபீ ஒரு சதமும் இல்லை. காத்து நிண்டவருக்கு 40 நிமிசம் போச்சு, உங்களுக்கு 13 யூனிற் வியாபாரம் போச்சு.

அதால, ஐடில் ஃபீ மட்டும் போட்டால் மறந்துபோய்ச் சாப்பிடப் போன ஆளைத்தான் பிடிக்கலாம். 100 வரைக்கும் இருப்பன் எண்டு நிக்கிற ஆளைப் பிடிக்கேலாது. ரெண்டும் ரெண்டு நோய், ஒரே மருந்து சரிவராது.

பழைய_லீஃப் · காலை 10:30

இந்த 80% கதையை எல்லாரும் புதுக் கார் வைச்சுக்கொண்டு கதைக்கினம். என்னட்ட இருக்கிறது 24 யூனிற் லீஃப், பற்றரி எவ்வளவு தேய்ஞ்சிருக்கு எண்டு காட்டுற கட்டம் 12 இல 9 தான் மிச்சம். 100% ஏத்தினால் தான் 90, 100 கிலோமீற்றர் ஓடும். 80% இல அனுப்பினால் ஏ9 இல கிளிநொச்சி தாண்டி எங்க போறது? வவுனியா 140 கிலோமீற்றர். புது பிவைடிக்காரர் 60% ஓடயே போய்ச் சேர்ந்திடுவார். ஆருக்கு 100% தேவையோ அவரைத்தான் முதலில கலைக்கப் பாக்கிறியள்.

எண்பது_போதும் · காலை 10:41

அண்ணை, அப்பிடியெண்டால் உங்களைப் போல ஆக்கள் ஏசியில ஏத்தலாமே?

பழைய_லீஃப் · காலை 10:48

பழைய லீஃப் ஏசியில 3.3 அல்லது 6.6 கிலோவாட் தான் இழுக்கும். என்ரது 3.3. விடிய வெளிக்கிட்டுப் போற ஆளுக்கு அது வழியில்லை தம்பி.

மணியம்_வயரிங் · காலை 11:20

பழைய_லீஃப் சொல்றது ஞாயமான கதை. அதாலதான் சதவீதத்தை வைச்சு விலை போடுறது எனக்குப் பிடிக்கிறேல்லை. இன்னொரு தடையும் இருக்கு. டிசி சார்ஜரோட கார் கதைக்கும், சதவீதத்தையும் சொல்லும். சாதாரண ஏசி சார்ஜருக்குக் காரின்ர சதவீதம் தெரியவே தெரியாது. அது கேபிள் கொழுவியிருக்கா, கார் கரண்ட் கேக்குதா எண்டது மட்டும்தான் அறியும். எண்பது தம்பி சொன்ன கணக்கு ஏசியில போடவே ஏலாது.

டிசிக்கு நான் சொல்றது இது. கொழுவி முதல் 60 நிமிசத்துக்கு யூனிற் காசு மட்டும். அதுக்குப் பிறகு, ஏறிக்கொண்டிருந்தாலும் யூனிற் காசோட நிமிசத்துக்கு ஒரு சின்னத் தொகை. வேகமா ஏத்துற கார் 60 நிமிசத்துக்குள்ள போயிடும். 24 யூனிற் லீஃபும் அநேகமாக 60 நிமிசத்தில 95% கிட்ட வந்திடும்.

பழைய_லீஃப் · காலை 11:34

வெய்யிலுக்க ஓடிவந்து கொழுவிப் பாருங்கோ. பழைய லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் வசதி இல்லை. ஏ9 ஆல விட்டுக்கொண்டு வந்து, வழியில ஒருக்கா ஏத்தி, திரும்பக் கொழுவினால் பாதி வேகம்தான். 60 நிமிசம் காணாது. எனக்கு 75 எண்டால் சரி.

ஸ்கார்பரோ_சுதா · மதியம் 12:15

இங்க கனடாவில நான் பாவிக்கிறது டெஸ்லாதான், அதால அவையின்ர முறையைச் சொல்றன். 2016 டிசம்பரில ஐடில் ஃபீ கொண்டு வந்தவை. சார்ஜ் முடிஞ்சு 5 நிமிசத்துக்குள்ள எடுத்தால் காசு இல்லை. அந்த நிலையத்தில பாதிக்கு மேல கார் நிண்டால்தான் காசு ஓடும், முழுக்க நிறைஞ்சிருந்தால் இரட்டிப்பு. ஆரும் இல்லாத நேரம் நிண்டால் ஒண்டும் கேக்கமாட்டினம்.

பிறகு 2023 இல வேறயொரு காசும் கொண்டு வந்தவை. நெரிசலான நிலையத்தில, பற்றரி ஒரு அளவுக்கு மேல போன பிறகும் ஏத்திக்கொண்டு நிண்டால் நிமிசத்துக்குக் காசு. மணியம் அண்ணை சொன்ன ரெண்டாவது நோய்க்குத்தான் அது. அமெரிக்காவில எலக்ட்ரிஃபை அமெரிக்கா 10 நிமிசம் விட்டுப் பிடிச்சு நிமிசத்துக்கு 40 சதம் எடுக்குது. ஜேர்மனியில எஎன்பிடபிள்யூ வேற மாதிரி: 4 மணித்தியாலம் தாண்டினால் நிமிசத்துக்கு 10 சதம், ஏறுதோ இல்லையோ அவைக்குக் கவலையில்லை.

தென்மராட்சியான் · பின்னேரம் 1:02

இது என்ன அநியாயம். சார்ஜ் ஏறேக்க காருக்குள்ள குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இருந்தால் அதுக்கும் காசோ? பிள்ளையள் கைக்குழந்தையள் வெய்யிலுக்க வெளியில நிக்கிறதோ?

மணியம்_வயரிங் · பின்னேரம் 1:30

இல்லை ஐயா, பெற்றோல் கார் இஞ்சினைப் போட்டுக்கொண்டு நிக்கிற ஐடில் இல்லை இது. சார்ஜ் முடிஞ்ச பிறகு இடத்தை மறிக்கிறதுக்குத்தான் காசு. குளிரூட்டி போட்டுக்கொண்டு இருங்கோ, பிரச்சினை இல்லை.

ஆனா நீங்கள் கேட்டதால ஒரு விசயம் ஞாபகம் வந்தது, விடுதிக்காரர் கவனியுங்கோ. ஏசி சார்ஜரில பற்றரி நிரம்பின பிறகும் குளிரூட்டி ஓடினால் கார் ஒண்டு, ஒண்டரைக் கிலோவாட் இழுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜரின்ர கண்ணுக்கு அந்தக் கார் இன்னும் ஏத்துது. சில மென்பொருளில "இத்தினை கிலோவாட்டுக்குக் கீழ போனால் நிண்டதாக் கணக்கெடு" எண்டு ஒரு எல்லை இருக்கும். அதைச் சுழியத்தில விட்டால் அப்பிடியான கார் ஒருநாளும் பிடிபடாது. நிறையக் கூட்டினாலும் பிழை, 100% கிட்ட நிக்கிற கார் உண்மையிலயே கொஞ்சமாத்தான் இழுக்கும்.

கொக்குவில்_விடுதி · பின்னேரம் 2:10

அண்ணை, சார்ஜர் "நிண்டிட்டுது" எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்குது? மென்பொருளில இங்கிலீசில சில சொல்லு மாறி மாறி வருது, எதில காசு ஓடோணும் எண்டு ரிக் போடச் சொல்லுது.

மணியம்_வயரிங் · பின்னேரம் 3:05

முழுச் சண்டைக்கும் வேர் அந்த இடம்தான், ஆறுதலாச் சொல்றன். சார்ஜரும் மென்பொருளும் தங்களுக்குள்ள கதைக்கிற மொழி ஓசிபிபி. உங்கட சார்ஜர் ஓசிபிபி 1.6 பேசுறதெண்டால் இந்தச் சொல்லுகளைக் காண்பியள்:

```
Preparing
Charging
SuspendedEV
SuspendedEVSE
Finishing
Available
Faulted
```

`Finishing` எண்டால் சார்ஜ் முடிஞ்சுது, கேபிள் இன்னும் காரில இருக்கு. டிசியில ஐடில் ஃபீ அதில இருந்துதான் ஓடோணும். `SuspendedEV` எண்டால் கார் தானே கரண்ட்டை நிப்பாட்டிப்போட்டுது. ஏசியில நிரம்பின கார் இதிலதான் மணித்தியாலக் கணக்கா நிக்கும், அதால ஏசிக்கு இதையும் சேர்க்கோணும். `SuspendedEVSE` க்கு ஒருநாளும் ரிக் போடாதையுங்கோ. அது உங்கட சார்ஜர்தான் கரண்ட்டை நிறுத்தி வைச்சிருக்குது எண்ட அர்த்தம், கார்க்காரரில பிழையில்லை.

`SuspendedEV` இல ஒரு பொறி இருக்கு. லீஃப் மாதிரிக் காரில வீட்டில இரவு ஏத்த எண்டு ரைமர் போட்டு வைச்சிருப்பினம். அதை நிறுத்த மறந்து உங்கட ஏசியில கொழுவினால், கார் "இரவு 10:30 க்குத்தான் தொடங்குவன்" எண்டு கரண்ட் எடுக்காமல் நிக்கும். கொழுவின நிமிசத்தில இருந்தே `SuspendedEV`. கார்க்காரர் ஏறுதெண்டு நினைச்சுக் கோயிலுக்குப் போயிருப்பார், ரெண்டு மணித்தியால ஐடில் ஃபீ ஏறியிருக்கும், பற்றரி வந்த மாதிரியே இருக்கும். அதால குறைஞ்சது ஒரு யூனிற்றாவது ஏறின பிறகு வாற `SuspendedEV` ஐ மட்டும் கணக்கில எடுக்கச் சொல்லி மென்பொருள்காரரிட்டக் கேளுங்கோ. பலகையிலயும் எழுதுங்கோ: "ரைமரை நிறுத்திப்போட்டுக் கொழுவுங்கோ, ஸ்கிறீனில கிலோவாட் ஏறுறதைப் பாத்திட்டுப் போங்கோ." டிசியில இந்தப் பிரச்சினை இல்லை, லீஃப் வேகச் சார்ஜில ரைமரைப் பாக்காது.

அடுத்தது கரண்ட் போறது. கரண்ட் வெட்டி வந்தால் சார்ஜர் பழைய சார்ஜை முடிச்சுப்போடும், காரணம் `PowerLoss` எண்டு பதியும். 40% இல அரைகுறையா நிண்ட காருக்கு `Finishing` காட்டி ஐடில் ஃபீ ஓடத் தொடங்கும். முடிஞ்ச காரணம் `PowerLoss`, `EmergencyStop`, `Reboot` எண்டால் காசு எடுக்காத மாதிரிப் போடச் சொல்லுங்கோ. கார் நிரம்பி நிண்டால் எந்தக் காரணம் பதியும் எண்டது சார்ஜர் மேக்குக்கு மேக் மாறும். பூட்டினவுடன ஒரு காரைக் கொழுவி முழுக்க ஏத்திப் பாத்து, என்ன சொல்லு வருதெண்டு குறிச்சு வையுங்கோ.

ஸ்கார்பரோ_சுதா · பின்னேரம் 3:22

கேபிளைக் கழட்டிப்போட்டுக் காரை அந்த இடத்திலயே விட்டிட்டுப் போனால்?

மணியம்_வயரிங் · பின்னேரம் 3:31

`Available`. சார்ஜருக்கு இடம் காலி. மென்பொருளால ஒண்டும் செய்யேலாது தங்கச்சி. பெற்றோல் கார் வந்து நிண்டாலும் அப்பிடித்தான். அதுக்கு வாசலில ஆள் வேணும், அல்லது கூம்பு வைக்கோணும். நல்லூர்த் திருவிழா நாளில கோயிலைச் சுத்தி றோட்டுகள் மூடினால் எங்க இடம் கண்டாலும் கார் விடுவினம், அந்தக் காலம் ஒரு ஆளைப் போடத்தான் வேணும்.

எண்பது_போதும் · பின்னேரம் 4:00

முடிஞ்ச காரின்ர கேபிளை நாங்களே கழட்டி எங்கட காரில கொழுவலாமோ? அப்பிடியெண்டால் ஐடில் ஃபீயே தேவையில்லை, ரெண்டு காரும் பக்கத்தில பக்கத்தில நிண்டால் காணும்.

மணியம்_வயரிங் · பின்னேரம் 4:26

சாடெமோவில ஏலும். சார்ஜ் ஓடேக்க பிளக் பூட்டுப்பட்டிருக்கும், முடிஞ்ச பிறகு பூட்டு விடும், பட்டனை அமத்திக் கழட்டலாம். சிசிஎஸ்2 வில காரே பிளக்கைப் பிடிச்சு வைச்சிருக்கும், உரிமையாளர் காரைத் திறந்தால்தான் விடும். இழுத்தால் பிளக் பழுதாகும், கேபிள் உங்கட விடுதிச் செலவு. ஏசியில வாற ரைப் 2 பிளக்கும் அப்பிடித்தான், கன காரில காரைத் திறக்கும் வரைக்கும் விடாது.

ஓடிக்கொண்டிருக்கிற சார்ஜை நிறுத்த எண்டு சிவப்பு அவசர பட்டனை அமத்துற ஆக்களும் இருக்கினம். அதை அமத்தினால் சில சார்ஜர்கள் திருத்துனர் வந்து மீட்டெடுக்கும் வரைக்கும் எழும்பாது. அடுத்த காரும் ஏத்தேலாது, அமத்தின ஆளும் ஏத்தேலாது.

முடிஞ்ச சாடெமோவைக் கழட்டினாலும், முதல் ஸ்கிறீனைப் பாத்து 0 கிலோவாட் எண்டு உறுதிப்படுத்திப்போட்டுக் கழட்டுங்கோ, கேபிளை நிலத்தில போடாதையுங்கோ. கார்க்காரரும் முன் கண்ணாடிக்குள்ள ஒரு துண்டு வைக்கலாம்: போன் இலக்கம், எத்தினை மணிக்கு வருவன், "முடிஞ்சால் கழட்டலாம்" எண்ட ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தால் வாறவை உரிமையோட கழட்டுவினம், இல்லாட்டி பயத்தில காத்துக்கொண்டு நிப்பினம்.

பிவைடி_அச்சுவேலி · பின்னேரம் 5:10

என்ரது எல்எஃப்பி எண்ட லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி. இடைக்கிடை 100% ஏத்தச் சொல்லி விக்கேக்கயே சொன்னவை. 99% இல கனநேரம் நிக்குது, ஸ்கிறீனில இன்னும் ஏறுது எண்டுதான் காட்டுது. அப்ப நான் எடுக்கோணுமோ, இல்லையோ?

மணியம்_வயரிங் · பின்னேரம் 5:38

எல்எஃப்பியில வோல்ற்றேஜ் கோடு தட்டையா இருக்கிறதால காருக்குச் சதவீதம் கணிக்கிறது கஷ்டம், 100 வரை போனால்தான் கணக்குச் சரிபாக்கும். அதோட செல்லுகளை ஒண்டுக்கொண்டு சமப்படுத்தும். 99 இல அது நடக்குதெண்டால் கரண்ட் மிகக் குறைவு. அந்த வேலைக்கு 50 கிலோவாட் சார்ஜர் தேவையில்லை, வீட்டில இரவு மெல்லமா ஏத்தினால் அதே பலன். வெளியில டிசியில ஸ்கிறீன் ஒற்றை இலக்கக் கிலோவாட் காட்டத் தொடங்கி, பின்னால ஆரும் நிண்டால் எடுங்கோ. ஐடில் ஃபீ ஓடாதுதான், எண்டாலும் எடுங்கோ.

கொக்குவில்_விடுதி · மாலை 6:15

இப்ப விலை. எவ்வளவு போடலாம்?

மணியம்_வயரிங் · மாலை 6:50

சார்ஜர் சும்மா நிண்டால் உங்களுக்கு என்ன நட்டமோ அதை அடியா வையுங்கோ. 50 கிலோவாட் சார்ஜர் நடைமுறையில மணித்தியாலத்துக்கு 30 யூனிற் கொடுக்கும் எண்டு எடுத்தால், நிமிசத்துக்கு அரை யூனிற். நீங்கள் யூனிற் 100 ரூபாவுக்கு விக்கிறியள் எண்டு வைப்பம். நிமிசத்துக்கு 50 ரூபா. 10 நிமிசம் விட்டுப் பிடிச்சால், 22 நிமிசம் பிந்தி வாறவர் 12 நிமிசத்துக்கு 600 ரூபா குடுப்பார். அது உறைக்கும், ஆனா அநியாயமில்லை.

7 கிலோவாட் ஏசியில அதே கணக்கு நிமிசத்துக்கு 12 ரூபாதான் வரும். அதில 50 போட்டால் தங்குற விருந்தாளி எழும்பேக்க 8 மணித்தியாலத்துக்கு 24,000 ரூபா நிக்கும். அதால ஏசிக்கு இரவு 10 மணியில இருந்து விடிய 6 மணி வரைக்கும் சுழியம். விடியப்புறம் 2 மணிக்கு எழும்பிக் கார் மாத்தச் சொல்லேலாது. பகலில 30 நிமிசம் விட்டுப் பிடியுங்கோ. உச்சவரம்பை டிசிக்கு 3,000 க்குள்ள வையுங்கோ, கார் பழுதாகி நிக்கிற ஆளும் இருப்பார்.

இன்னொண்டு, முடியுறதுக்கு 10 நிமிசம் முன்னுக்கு அப்பில ஒரு செய்தி போகாட்டி இந்தக் காசு எடுக்கவே வேண்டாம். அப் இல்லாமல் அட்டையால ஏத்துறவைக்கு அந்தச் செய்தி போகாது, அவையின்ர போன் இலக்கத்தை வரவேற்பில எழுதி வாங்குங்கோ.

ஸ்கார்பரோ_சுதா · மாலை 7:20

வேற கார் காத்து நிண்டால்தான் காசு எண்டு போடேலாதோ?

மணியம்_வயரிங் · மாலை 7:33

பத்து சார்ஜர் நிக்கிற இடத்தில எத்தினை பாவனையில எண்டு பாத்துப் போடலாம். ஒரே ஒரு சார்ஜரில அது எப்பவும் "நிறைஞ்சது"தான். வரிசையில ஆர் நிக்கினம் எண்டு அதுக்குத் தெரியாது.

கொக்குவில்_விடுதி · இரவு 8:45

நல்லது. டிசி 10 நிமிசம், 50 ரூபா, உச்சம் 3,000. ஏசி பகலில 30 நிமிசம், 12 ரூபா, இரவு சுழியம். `SuspendedEVSE` உம் `PowerLoss` உம் விலக்கு. ரைமர் பலகை நாளைக்கு அடிக்கக் குடுக்கிறன். 60 நிமிசமோ 75 நிமிசமோ எண்டதுதான் இன்னும் முடிவெடுக்கேல்லை, மத்தியானம் ஏ9 ஆல வாற லீஃபுகள் எத்தினை நிமிசம் எடுக்கினம் எண்டு ஒரு மாதம் பதிஞ்சு பாக்கப் போறன்.

பழைய_லீஃப் · இரவு 9:02

பதியேக்க கொழுவின நேரமும் விட்ட நேரமும் மட்டும் காணாது. கொழுவேக்க எத்தினை சதவீதம், பற்றரிச் சூட்டுக் கட்டம் எத்தினை, வழியில முதலே ஒருக்கா ஏத்தினவையோ, மூண்டையும் கேட்டு எழுதுங்கோ. சிவப்புக்குக் கிட்ட வந்த கார் 60 நிமிசத்தில எத்தினை யூனிற் எடுத்ததெண்டு அப்பதான் தெரியும்.

எண்பது_போதும் · இரவு 9:10

அந்தப் பதிவை இங்க போடுங்கோ. 60 காணும் எண்டுதான் நான் இன்னும் நிக்கிறன்.